புத்தகம் கிழியும் என்று எழுதினோம்

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் நாலு வரி எழுதுகிற பழக்கம் எனக்கு உண்டு. பெரிய விஷயம் எதுவும் இருக்காது. எங்கள் சேவல் பக்கத்து வீட்டு பைக் கண்ணாடியில் தன் மூஞ்சியைப் பார்த்துவிட்டுச் சண்டைக்குப் போனது, பட்டறைக்கு வந்த டிரைவர் புது லாரிக்கு எலுமிச்சம்பழம் கட்ட வந்து பழத்தை மறந்துவிட்டுத் தக்காளியைக் கட்டியது, இந்த மாதிரி. புதுச்சத்திரம் பக்கம் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையில் பில் போடுகிறேன். எழுதத் தோதாக ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள்.

இந்தப் பழக்கம்தான் என்னை மாட்டிவிட்டது.

என் மகள் எங்கள் ஊர் அரசுத் தொடக்கப்பள்ளியில் நாலாவது படிக்கிறாள். பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு நான்தான் தலைவி. பிள்ளையைப் படிக்க வைக்கிற பெற்றோரில் ஒருவர்தான் அந்தப் பொறுப்புக்கு வரவேண்டும். அன்றைக்குக் கூட்டத்தில் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் மட்டும் நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்துவிட்டேன். அதற்குக் கிடைத்த பதவி அது.

ஒருநாள் தலைமை ஆசிரியை கூப்பிட்டார். அவருக்கு ஆத்தூர்ப் பக்கம் ஊர். எங்களைப் போல வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுப் பேசமாட்டார்.

"உங்க சேவல் கதைய எங்க ஊர்ல என் தங்கச்சி வரைக்கும் படிச்சுட்டாம்மா. நம்ம நூலகத்துக்கு புத்தகம் கேட்டு ஒரு போஸ்ட் எழுதிக் குடுங்க."

நூலகம் என்று அவர் சொன்னது ஐந்தாம் வகுப்பின் மூலையில் இருக்கிற பச்சை நிற பீரோ. ஒன்றிரண்டு வருடங்களுக்கு ஒருமுறை அரசாங்கத்திலிருந்து புத்தகங்கள் வரும். பீரோவில் பாதி அவைதான். மீதி, யாரோ வீடு காலி செய்யும்போது கொடுத்தவை. பிள்ளைகள் படிக்கக்கூடியதைப் பிள்ளைகள் பலமுறை படித்து முடித்திருந்தார்கள். மற்றதெல்லாம் அவர்களுக்கு எட்டாத கனம்.

அன்று மதியமே எழுத உட்கார்ந்தேன். வார்த்தை தானாக வந்தது. ஒழுகும் கூரை, கரையான் அரித்த ஏடுகள், புத்தக வாசனைக்கு ஏங்கும் பிஞ்சு விரல்கள், மண்ணெண்ணெய் விளக்கு. எழுதி முடித்ததை நானே இரண்டு முறை படித்து ரசித்தேன். பெருமையாக எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

தலைமை ஆசிரியை படித்தார். பிறகு அண்ணாந்து பார்த்தார்.

"நம்ம பள்ளி காங்கிரீட்டும்மா. எங்க ஒழுகுது?"

"ஒரு உருக்கமா இருக்கட்டும்னுதாங்க..."

பக்கத்தில் குழு உறுப்பினர் ஒருத்தி இருந்தாள். கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிற வேலை. ஒரே மகள், மூணாவது படிக்கிறாள். அவளும் வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏனுங்கக்கா, எங்கூட்டுல கரண்ட் இருக்குதுங்க. எம்புள்ள டிவி பாக்கறதுக்குத்தான் நான் வையறது. மண்ணெண்ணெய் வெளக்குன்னு போட்டா, அவ நாளைக்கு பெருசாகிப் படிச்சு, ஏம்மா நம்ம அப்பிடியா இருந்தோம்னு கேப்பாளுங்க."

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஆனால் அவள் சொன்னது சரி. "அப்ப என்னதான் எழுதறது? உருக்கமா ஒண்ணுமே இல்லியே" என்றேன்.

"அந்தக் கடைசிப் பக்கம் இல்லாத புத்தகத்தப் பத்தி எழுதுங்க" என்றாள்.

பீரோவில் ஒரு முதலைக் கதை இருந்தது. கடைசிப் பக்கங்கள் எப்போதோ கிழிந்து போயின. முதலை கிணற்றுக்குள் விழுகிறவரை கதை இருக்கிறது. அப்புறம் என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. மூணாவது பிள்ளைகள் ஆளுக்கொரு முடிவு வைத்திருந்தார்கள். ஒருத்தன் கதையில் முதலை மோட்டார் பைப்பைப் பிடித்து ஏறி வந்துவிடும். அவள் மகள் கதையில் ஊரே கூடி, போர் போடுகிற ரிக் வண்டிக்காரரைக் கூப்பிட்டுத் தூக்கும். எது சரி என்று சத்துணவுப் பந்தி நேரத்தில் சண்டை நடக்கும்.

கூரையையும் கரையானையும் அழித்துவிட்டு முதலையைப் போட்டேன். அரசாங்கம் பாடப்புத்தகம், பை, செருப்பு எல்லாம் தருகிறது என்பதையும் எழுதினேன். அதை மறைத்துவிட்டு ஒன்றுமே இல்லை என்று கேட்பது நியாயமில்லை. பணம் அனுப்புவதைப் பற்றித் தலைமை ஆசிரியை கறாராக இருந்தார்.

"என் நம்பரும் வேண்டாம், உங்க நம்பரும் வேண்டாம். குழுவோட வங்கிக் கணக்கு மட்டும். நீங்களும் நானும் சேர்ந்து கையெழுத்துப் போட்டாத்தான் எடுக்க முடியும். அதையும் எழுதிடுங்க. பிள்ளைங்க முகம் தெரியற போட்டோ போடாதீங்க."

குழுவில் தீர்மானம் போட்டோம். வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கும் தகவல் சொன்னோம். முதுகு காட்டி உட்கார்ந்து, தலையோடு தலை முட்டி முதலைப் புத்தகம் பார்க்கும் பிள்ளைகளின் படத்தோடு வாட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் போஸ்ட் போனது. கடைசி வரியாக, 'எந்தப் புத்தகமானாலும் மகிழ்ச்சி' என்று தாராளமாக எழுதியிருந்தேன்.

அந்த வரிக்குப் பலன் ஒரு வாரத்துக்குள் வந்தது. பார்சல் ஆபீசிலிருந்து போன் வந்தது. போய்ப் பார்த்தால் இரண்டு சாக்கு. திறந்தால் வங்கித் தேர்வு கைடு, காலாவதியான வருமான வரிச் சட்டம், பல் மருத்துவம், ஒரு கல்யாண ஆல்பம். ஆல்பம் தவறி வந்திருக்கும். அனுப்பியவரைக் கூப்பிட்டேன், அவர் மனைவி எடுத்து, ஆல்பம் பத்திரமாக இருக்கிறது என்று கேட்டதும் ஒரு பாட்டம் அழுதுவிட்டு, "சாமி, நல்லா இருப்பீங்க" என்று வாழ்த்தினார். கைடுகளை ஊரில் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்குக் கொடுத்தோம். பல் மருத்துவத்தை என் மகள் இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தானாகவே காலையும் மாலையும் பல் விளக்கினாள். அது ஒன்றுதான் லாபம்.

பணம் என்று பெரிதாக எதுவும் வரவில்லை. பிறகுதான் ராசிபுரத்திலிருந்து ஓர் அம்மாள் கூப்பிட்டார். சேலை வியாபாரம் செய்கிறவர், போஸ்டை யாரோ அனுப்பியிருக்கிறார்கள்.

"நல்லா எழுதியிருக்கீங்க. ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. அந்த பீரோ சாவி யாரு கையில இருக்குது?"

"எச்.எம்.கிட்டங்க."

"புள்ளைங்க ஊட்டுக்கு எடுத்துட்டுப் போலாங்களா?"

உள்ளதைச் சொன்னேன். பிள்ளைகள் வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் படிப்பார்கள், மணி அடித்தால் திருப்பி வைத்துவிடுவார்கள்.

"நான் ஏற்கெனவே ஒரு ஸ்கூலுக்கு வாங்கிக் குடுத்தேனுங்க. ரெண்டு வருசம் கழிச்சுப் போய்ப் பாத்தா அட்டகூட கசங்காம பூட்டி வெச்சிருந்தாங்க. பத்திரமா இருக்குதுங்கன்னு பெருமையா வேற காட்டுனாங்க. அதனால கேட்டேன்." என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இதைத் தலைமை ஆசிரியையிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு நாள் தயங்கினேன். சொன்னதும் அவருக்குக் கோபம் வந்தது.

"சொல்றவங்களுக்கு என்னம்மா? இருப்புப் பதிவேட்டுல ஏத்தின புத்தகம் ஒண்ணு குறைஞ்சாலும் ஆடிட்ல நான்தான் பதில் சொல்லணும். முன்ன ஒரு பள்ளியில தொலைஞ்சதுக்கு நான்தான் கைக்காசு போட்டு வாங்கி வெச்சேன். அது யாருக்குத் தெரியும்?"

அதுவும் உண்மை. அவர் கல்மனதுக்காரி இல்லை. பீரோ முன்னால் பிள்ளைகள் நிற்பதைப் பார்த்து முதலில் போஸ்ட் கேட்டதே அவர்தான். பயம் ஒருபக்கம், ஆசை ஒருபக்கம்.

அடுத்த கூட்டத்தில் இதையே பேச்சாக எடுத்தோம். முட்டை பொறுக்குகிறவள்தான் வழி சொன்னாள்.

"ஏனுங் டீச்சர், பண்ணையில முட்டை உடையாதுங்களா? ஒடையும்னு ஒரு கணக்கு முன்னாலயே வெச்சுருவாங்க. உடையவே கூடாதுன்னா கோழிய வளக்கப்படாது."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். தலைமை ஆசிரியையும்தான். இனி நன்கொடைப் புத்தகங்களுக்குத் தனிப் பதிவேடு, ஒவ்வொன்றுக்கும் எண்ணும் முத்திரையும். வாரம் ஒரு புத்தகம் வீட்டுக்கு. கிழிந்தால் பெற்றோர் ஒட்டித் தரவேண்டும். தொலைந்தால் குழு கூடி நீக்குவதாகத் தீர்மானம் எழுதும். ஆசிரியர் தலையில் விடியாது, பிள்ளைக்கும் அடி கிடையாது. எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.

அப்புறம்தான் இரண்டாவது போஸ்ட் எழுதினேன். இந்த முறை என்ன வேண்டும் என்று வகை பிரித்தேன். ஒன்று, இரண்டாம் வகுப்புக்குப் பெரிய எழுத்தில் பக்கத்துக்கு இரண்டு வரி உள்ள படக்கதைகள். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் நீளமான கதைகளும், பூச்சி, விண்வெளி, இயந்திரம் பற்றியவையும். பண்ணையில் வேலை செய்கிற ஒடிசாக் குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் எங்களிடம் படிக்கிறார்கள், அவர்களுக்காக எழுத்தே இல்லாத படப் புத்தகங்கள். கைடு, பழைய வார இதழ், சட்டம், பல் மருத்துவம் வேண்டாம், மன்னிக்கவும். பணமாகத் தந்தால் ரசீது தருவோம், வாங்கிய பில்லைப் படம் எடுத்துப் போடுவோம். கேட்டது சேர்ந்ததும் போதும் என்று சொல்லி நிறுத்திவிடுவோம்.

முடிவில் இப்படி எழுதினேன்: 'இந்தப் புத்தகங்கள் வீட்டுக்குப் போகும். எண்ணெய் படும், கிழியும், சில தொலையும். முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் கேட்கிறோம்.'

தலைமை ஆசிரியை அந்த வரியில் விரலை வைத்தார். "இதப் படிச்சுட்டு யாரும்மா குடுப்பாங்க?" என்றார். பிறகு, "சரி, இருக்கட்டும்" என்று அவரே அனுப்பும் பட்டனை அழுத்தினார்.

கொடுத்தார்கள். அந்த வரிக்காகவே கொடுத்தார்கள் என்று சொன்னால் மிகையில்லை. கமெண்டில் ஒருவர், தன் பள்ளியில் பூட்டிய கண்ணாடி அலமாரிக்கு வெளியே நின்று தலைப்புகளை மட்டும் படித்து வளர்ந்ததாக எழுதினார். எங்கள் பட்டறைக்கு வருகிற டிரைவர்கள் டீ குடிக்கிற நேரத்தில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். ராசிபுரத்து அம்மாள் மறுபடி கூப்பிட்டு, "எழுத்தில்லாத புத்தகம் எங்க கெடைக்கும், பேரு சொல்லுங்க" என்று கேட்டு அதை மட்டும் வாங்கி அனுப்பினார். கேட்டது சேர்ந்த அன்றே, போதுமுங்க, நன்றி என்று போட்டோம். அதற்கப்புறமும் அனுப்பிய ஒருவருக்கு, பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் பேசி அனுப்பி வைத்தோம்.

புத்தகங்கள் வந்த வாரம் பள்ளிக்கூடம் சந்தை மாதிரி இருந்தது. நான் முத்திரை குத்தினேன், முட்டை பொறுக்குகிறவள் எண் எழுதினாள், தலைமை ஆசிரியை ஒவ்வொன்றாக அட்டை போட்டார். ஒடிசாச் சிறுமி எழுத்தில்லாத யானைப் புத்தகத்தை விரித்துப் பாதி ஒடியாவும் பாதி கொங்குத் தமிழுமாகக் கதை சொல்ல, சுற்றிலும் ஒரு கூட்டம். "அப்பறம் ஆனெ ஊட்டுக்குப் போச்சுங்" என்று அவள் முடித்தபோது தலைமை ஆசிரியை அட்டை போடுவதை நிறுத்திவிட்டு, "ஆத்தூர்க்காரி எனக்கே இன்னும் இந்த 'ங்' வரல" என்றார்.

மாதம் ஒருமுறை நிலவரம் போடுவதாகச் சொல்லியிருந்தோம். முதல் நிலவரத்தில், எல்லாப் புத்தகமும் வீடு போய் வருகிறது, இரண்டு ஒட்டப்பட்டிருக்கின்றன, விண்வெளிப் புத்தகம் ஒன்றின் ஓரத்தை ஆடு தின்றுவிட்டது என்று எழுதினேன். சனிக் கோளின் வளையத்தில் பாதி போய்விட்டது. திட்டு வரும் என்று பயந்துகொண்டே போட்டேன்.

ராசிபுரத்து அம்மாளிடமிருந்துதான் முதல் பதில் வந்தது. "ரொம்ப சந்தோசமுங்க. ஆட்டோட போட்டோவும் போடுங்க."