இருபத்தேழாம் எண் வில்லை

எங்கள் தொழிற்சாலையில் கருவி அறை என் பொறுப்பு. தாம்பரத்துக்குக் கிழக்கே, பம்புகளுக்கு உதிரிபாகம் கடையும் நடுத்தரமான தொழிற்சாலை. கருவி அறைக்கு ஒரு ஜன்னல்தான் வழி. அதன் உள்பக்கச் சுவரில் ஒரு பெரிய மரப்பலகை. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கொக்கி, கொக்கிக்கு மேலே கருவியின் பெயர். தொழிலாளி ஒவ்வொருவரிடமும் அவருடைய எண் குத்திய பித்தளை வில்லைகள் ஐந்து இருக்கும். மைக்ரோமீட்டர் வேண்டுமென்றால் ஒரு வில்லையைக் கொடுக்க வேண்டும். நான் கருவியைக் கொடுத்துவிட்டு வில்லையை அந்தக் கொக்கியில் மாட்டுவேன். திருப்பித் தந்தால் வில்லை திரும்பப் போகும். பலகையைப் பார்த்தாலே எந்தக் கருவி யார் கையில் என்று தெரிந்துவிடும். நோட்டுப் புத்தகம் கிடையாது, கையெழுத்து கிடையாது. ஒருவரிடம் ஒரே நேரத்தில் ஐந்து கருவிகளுக்கு மேல் இருக்கவும் முடியாது.

இதனால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. ஆட்களை எண்ணால்தான் கூப்பிடுவேன். "யோவ் நாப்பத்தொண்ணு, டார்க் ரெஞ்சை என்ன உன் வீட்டுக்கு சீதனமா குடுத்தேனா?" என்று ஜன்னலிலிருந்து கத்தினால் கடைசி மிஷின் வரை கேட்கும். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். அதை நான் மறைத்ததும் இல்லை. பதினாறு வருஷத்தில் ஒரு கருவி தொலைந்ததில்லை என்ற தலைக்கனம் வேறு.

இருபத்தேழு ஒரு பெண். ஒப்பந்தத் தொழிலாளி, கடைந்து வரும் பாகங்களை அளந்து பார்க்கிற வேலை. முப்பது வயதுக்கு மேல் இருக்கும். நகரத்துக்குள் கூவம் கரையிலிருந்து வீட்டை இடித்துப் பெரும்பாக்கம் குடியிருப்புக்கு அனுப்பப்பட்ட குடும்பம். நான்கு வருஷமாக ஒப்பந்தத்திலேயே ஓடிக்கொண்டிருந்தவள் பெயர் அந்த முறை நிரந்தரமாக்கும் பட்டியலில் வந்திருந்தது. பட்டியலில் இருப்பவர்கள் எல்லாத் துறையிலும் ஒரு சீட்டில் 'பாக்கி இல்லை' என்று கையெழுத்து வாங்கி, மறுநாள் மதியத்துக்குள் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். தவறினால் அடுத்த பட்டியல் எப்போது வருமோ, வருமோ வராதோ.

அவள் சிரித்துக்கொண்டே சீட்டை நீட்டினாள். நான் பலகையைத் திரும்பிப் பார்த்தேன். போர் கேஜ் கொக்கியில் இருபத்தேழு தொங்கிக்கொண்டிருந்தது. துளையின் உள்விட்டத்தை அளக்கிற கருவி அது. எங்களிடம் இருந்ததே இரண்டுதான்.

"போர் கேஜைக் கொண்டாந்து வச்சிட்டு சீட்டை நீட்டு" என்றேன்.

"இன்னா மேடம், நான் எங்க போர் கேஜ் எடுத்தேன்? என் லைன்ல அதுக்கு வேலையே இல்லியே."

"உன் வில்லையை எண்ணு."

இடுப்பிலிருந்த வளையத்தை எடுத்து எண்ணினாள். நான்கு. மறுபடி எண்ணினாள். நான்குதான். முகம் வெளுத்துவிட்டது.

"நாலும் ஒண்ணும் அஞ்சு. கணக்கு சரியா இருக்கு. கேஜ் எங்க?"

"சத்தியமா தெரியாது மேடம். என் பொண்ணு மேல ஆணையா நான் எடுக்கல."

"பொண்ணை ஏன் இழுக்கிற? பலகை பொய் சொல்லாது."

பின்னால் வரிசையில் நாலைந்து பேர் நின்றார்கள். அவர்கள் காதில் விழட்டும் என்றே சொன்னேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. அவள் அழவில்லை. சீட்டை மடித்துக்கொண்டு ஒன்று கேட்டாள்.

"பலகை பொய் சொல்லாது, சரி. மாட்னது யாரு மேடம்? பலகையா மாட்டிகிச்சு?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

மாலையில் இருவரும் ஒரே பேருந்து. நான் செம்பாக்கத்தில் இறங்க வேண்டும், அவள் மேடவாக்கம் போய் மாற வேண்டும். எப்போதும் இடம் பிடித்து வைத்து "வா மேடம், குந்து" என்பவள், அன்று கம்பியைப் பிடித்துக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். யாருக்கோ போன் செய்து, "இல்லம்மா, இன்னைக்குக் கையெழுத்து ஆவல. நாளைக்குப் பாத்துக்கலாம். நீ சாப்டியா?" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. எனக்குத்தான் உட்கார முடியவில்லை. திருடுகிறவள் இப்படியா கேள்வி கேட்பாள் என்று ஒரு பக்கம். பதினாறு வருஷப் பலகையைச் சந்தேகப்பட இவள் யார் என்று இன்னொரு பக்கம்.

மறுநாள் ஷிப்ட் தொடங்குவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே போய்விட்டேன். அந்த வில்லையைக் கொக்கியிலிருந்து எடுத்து விளக்கடியில் பிடித்தேன். எண்ணின் பள்ளத்தில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். குங்குமம்.

ஆயுத பூஜைக்கு எங்களிடம் ஒரு வழக்கம். எல்லாரும் கருவிகளை ஒப்படைத்துவிட்டு, வில்லைகளையும் கருவி அறையில் கொடுத்துவிடுவார்கள். நான் அத்தனையையும் ஒரு தாம்பாளத்தில் கொட்டிப் புளி போட்டுத் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்துக் கருவிகளோடு சேர்த்து வைப்பேன். நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் திருப்பலிக்குப் போகிறவள்தான். ஆனால் அந்தப் பித்தளை பளபளக்கிற அழகுக்காகவே இந்த வேலையை இன்னொருத்தர் கையில் விடமாட்டேன். பூஜை முடிந்ததும் அவரவர் எண்ணைப் பொறுக்கி ஐந்தைந்தாகத் திருப்பிக் கொடுப்பேன்.

சில நாள் முன்பு நடந்த அந்த வருஷப் பூஜைக்கு மூன்று கருவிகள் மட்டும் வேலையில் மாட்டிக்கொண்டு வெளியே இருந்தன. அவற்றின் வில்லைகள் பலகையிலேயே இருந்தன. அந்த மூன்றும் மங்கலாகத் தொங்குவது கண்ணை உறுத்தியது. எடுத்துத் தாம்பாளத்தில் போட்டுவிட்டேன். எந்தக் கொக்கியில் யார் என்று ஒரு துண்டுச் சீட்டில்கூட எழுதவில்லை. எதற்கு எழுத வேண்டும், என் ஞாபகம் என்ன சாதாரண ஞாபகமா! பூஜை முடிந்து பொரியும் சுண்டலும் பங்கு போடுகிற சந்தடியில் ஞாபகத்திலிருந்தே எடுத்து மாட்டினேன். மீதியை ஐந்து இருக்கிறதா என்று எண்ணாமலே அவரவர் கையில் அள்ளிக் கொடுத்தேன், வாங்கியவர்களும் எண்ணவில்லை.

கைமாறுகிற வில்லைகளில் குங்குமம் அன்றைக்கே போய்விடும், எண்ணெய்க் கை எதை விட்டுவைக்கும்? இதில் அப்படியே இருந்தது என்றால் அன்று மாட்டியபின் யாரும் தொடவில்லை. இருபத்தேழோ பூஜைக்கு முந்தின வாரம் முழுக்க மகளுக்குக் காய்ச்சல் என்று விடுப்பு. விடுப்பில் போகிறவர்கள் ஐந்து வில்லையும் கையில் இருப்பதை ஜன்னலில் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். காட்டினாள். எண்ணிப் பார்த்து "போய்ட்டு வா" என்று சொன்னதும் நான்தான். பூஜையன்றுதான் திரும்பி வந்தாள், அன்றைக்கு ஒருவருக்கும் கருவி கொடுப்பதில்லை. அவள் எடுத்திருக்க வழியே இல்லை. அவள் வில்லையை அந்தக் கொக்கியில் மாட்டிய கை என் கை.

அடிப்பாவி, நாலு பேர் எதிரில் என்ன பேச்சுப் பேசினாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மேலாளரிடம் ஓடினேன். எல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தார். "யானைக்கும் அடி சறுக்கும்மா. சீட்டுல கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க. கேஜை மெதுவா தேடிக்கலாம். ஏன் ஊர் பூரா சொல்லிக்கிட்டு?"

எனக்கும் அது இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அதில் இரண்டு சிக்கல். கேஜ் கிடைக்காத வரை இருபத்தேழு பெயரில் ஒரு கறை இருக்கும், 'மேடம் பாவம் பார்த்துக் கையெழுத்துப் போட்டாங்க' என்பார்கள். இன்னொன்று, கேஜை உண்மையில் வைத்திருப்பவர் தன் கையில் ஐந்து வில்லையும் இருப்பதால் தன்னிடம் எதுவுமே இல்லை என்று நிம்மதியாக இருப்பார். நான் வாயைத் திறக்காமல் அவருக்கு எப்படித் தெரியும்?

"இல்ல சார். திட்டினது எல்லார் முன்னாடியும். இதையும் அங்கதான் சொல்லணும்" என்றேன்.

காலையில் வேலைக்கு முன் எல்லாரும் ஐந்து நிமிஷம் கூடி நிற்பது வழக்கம். நான் முன்னால் போய் நின்றேன். "பூஜையன்னிக்கு வில்லையைத் தேய்க்கிறேன்னு எடுத்து நான்தான் தப்பா மாட்டிட்டேன். இருபத்தேழு மேல எந்தத் தப்பும் இல்ல. நேத்து நான் பேசினது தப்பு. பூஜைக்கு முன்னாடி போர் கேஜ் வாங்கினவங்க, கையில அஞ்சு வில்லை இருந்தாலும் சரி, ஒரு தடவை உங்க பெட்டியைப் பாருங்க" என்றேன். நான் மன்னிப்புக் கேட்டு யாரும் பார்த்ததில்லை.

முப்பத்தேழு தலையைச் சொறிந்துகொண்டே தன் மிஷின் பக்கம் போனார். கடைய வேண்டிய பாகத்தை மிஷினில் பொருத்திக் கொடுக்கிறவர், நல்ல மனுஷன். பாகத்தை அசையாமல் பிடிக்கிற ஜிக்குகள் வைக்கிற பெட்டியைத் திறந்து, எண்ணெய்த் தாளில் சுற்றிய போர் கேஜை எடுத்துக்கொண்டு வந்தார்.

"அய்யய்யோ மேடம், அஞ்சு வில்லையும் கையில இருந்துச்சா, குடுத்துட்டேன்னே நெனச்சிக்கினு இருந்தேன்!"

யாரோ விசிலடித்தார்கள். மொத்தப் பேரும் சிரித்தார்கள், நானும்தான். இருபத்தேழு சிரிக்கவில்லை. நேராக ஜன்னலுக்கு வந்து சீட்டை நீட்டினாள். கையெழுத்துப் போட்டேன். "என் அஞ்சாவதைக் குடு மேடம்" என்றாள். கொடுத்தேன். ஐந்தையும் என் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாக எண்ணி வளையத்தில் கோத்துக்கொண்டாள். பதினொன்றரைக்கெல்லாம் சீட்டு அலுவலகத்துக்குப் போய்விட்டது.

மூன்று வாரத்தில் ஆணை வந்தது. நிரந்தரமானவர்களுக்கு வேறு வரிசையில் புது எண் தருவது எங்கள் முறை. நான் ஐந்து புதுப் பித்தளை வில்லைகளையும் எண் குத்துகிற உளிகளையும் சுத்தியலையும் எடுத்து வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன். லட்டுப் பெட்டியோடு வந்தாள். பெட்டியை ஜன்னல் திட்டில் வைத்தவள், மேஜையிலிருந்த புது வில்லைகளைப் பார்த்ததும் தயங்கினாள்.

"மேடம், எனக்குப் பழைய நம்பரே இருக்கட்டுமே."

"ஏன்டி? புது நம்பர்னா கௌரவம். இருபத்தேழு ஒப்பந்த ஆளுங்க நம்பர்."

"கௌரவம் கெடக்குது மேடம். அன்னிக்கு எல்லார் முன்னாலயும் 'இருபத்தேழு மேல தப்பு இல்ல'ன்னு சொன்னியே, அது இருபத்தேழுக்குத்தானே? புது நம்பருக்கு யார் வந்து சொல்லுவாங்க?"

சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்தபடியே விட்டு, சண்டை போட அலுவலகத்துக்குக் கிளம்பினேன்.