கவுண்டரில் நின்று போட்ட கையெழுத்து

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற பெண்ணை அண்ணன் கட்டிக்கொள்ளப் போகிறான் என்றதும் சொந்தபந்தமெல்லாம் மூக்கின்மேல் விரலை வைத்தது. நாற்பது வயதில் கல்யாணமா என்று பாதிப்பேர், அதுவும் டிரைவரையா என்று மீதிப்பேர். எனக்கு அவரைப் பார்த்த அன்றே பிடித்துவிட்டது. எங்கள் குறுகல் தெருவுக்குள் வேனை ஒரே மூச்சில் பின்னுக்கு எடுத்து நிறுத்திவிட்டு இறங்கியவர், நாத்தனார் என்றால் சண்டை போட வேண்டுமாமே, எப்போது ஆரம்பிக்கலாம் என்று என்னைக் கேட்டார்.

கல்யாணமானதும் ஆசை ஆசையாகத் தன் பெயருக்குப் பின்னால் அண்ணன் பெயரைச் சேர்த்துக்கொண்டார். அடையாள அட்டை, ஓட்டுநர் உரிமம் எல்லாம் மாறின. வங்கிக் கணக்கு மட்டும் பழைய பெயரிலேயே கிடந்தது. அப்படி என்ன அவசரம் என்று விட்டுவிட்டோம்.

அவசரம் தானாக வந்தது. வேன் முதலாளி தொழிலை விடுவதாகச் சொன்னார். மாதக் கடைசிவரை வேனை அண்ணிக்காக வைத்திருப்பாராம், அதற்குமேல் கேட்கிறவருக்குக் கொடுத்துவிடுவாராம். அண்ணி வாகனக் கடன் கேட்டுப் போனார். அட்டையில் ஒரு பெயர், கணக்கில் ஒரு பெயர், முதலில் அதைச் சரிசெய்யுங்கள் என்று வங்கியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். புதுக்கணக்கு தொடங்கிவிடலாமே என்றான் அண்ணன். புதுக்கணக்கில் வரவு செலவு ஏது? எதைப் பார்த்துக் கடன் தருவார்கள்? அண்ணியின் சம்பளம் பத்தொன்பது வயதிலிருந்து விழுகிற கணக்கு இது ஒன்றுதான்.

கடிதத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து ஊரார் மனுவையெல்லாம் அடிக்கிறவளாயிற்றே! கணக்கு எண், பழைய பெயர், புதுப் பெயர், மாற்றக் காரணம், கீழே இணைப்புகள்: திருமணப் பதிவுச் சான்றிதழ், புதுப் பெயரில் உள்ள அடையாள அட்டை, இரண்டின் நகலிலும் அண்ணியின் கையெழுத்து, பாஸ்புக் முதல் பக்கம், புகைப்படம். சரிபார்க்க அசல்கள் தனி உறையில். அண்ணி புதுப் பெயரில் அழகாகக் கையெழுத்துப் போட்டார். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

வங்கி அதிகாரி கண்ணாடி போட்ட இளைஞர். அசல்களைப் பார்த்தார், எல்லாம் சரி என்றார். பிறகு கடிதத்தின் அடியில் விரலை வைத்தார்.

"மேடம், கணக்கு இன்னும் பழைய பேர்லதான் இருக்கு. அதனால பழைய கையெழுத்துலதான் நீங்க கேக்கணும். புதுசை அதுக்குக் கீழ மாதிரிக்குப் போடலாம்."

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. அண்ணி பேனாவை வாங்கி ஒரு துண்டுத்தாளில் பழைய பெயரில் போட்டுப் பார்த்தார். அதிகாரி திரையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மறுபடி போட்டார், மறுபடியும் சேரவில்லை. பணத்தை அட்டையால் எடுத்தே பழகியவர். வங்கிக்கென்று கையெழுத்துப் போட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. பதிவில் இருப்பதைக் காட்டக் கூடாது என்றார் அதிகாரி. சேரவில்லை என்றால் மேலிடத்துக்கு அனுப்பிச் சரிபார்க்க வேண்டும், ஒரு மாதத்துக்கு மேலாகும் என்றும் சொன்னார். அதற்குள் வேன் கைநழுவிப் போய்விடும்.

அண்ணி எழுந்தார். நேராகப் பணம் கட்டும் கவுண்டருக்குப் போனார். அங்கே பேனாவைச் சின்னச் சங்கிலியில் கட்டிவைத்திருந்தார்கள்.

"கணக்கு ஆரம்பிச்ச அன்னைக்கு இங்க நின்னுகிட்டுதான் போட்டேன். இந்தச் சங்கிலி இழுத்துப் பிடிச்சுது. உட்கார்ந்து போட்டா எப்படி வரும்?" என்றார்.

கடிதத்தை மேடையில் வைத்தார். சங்கிலி எட்டாமல் கை சற்று மேலே தூக்கிக்கொண்டது. கடைசி எழுத்தின் வால் வழக்கத்தைவிடக் கட்டையாக முடிந்தது. அதிகாரி கடிதத்தை வாங்கித் திரையருகே பிடித்துப் பார்த்தார், அப்புறம் இன்னொரு முறை பார்த்தார்.

"அச்சு அசலா இருக்கு மேடம்," என்றார். நான் அங்கேயே கைதட்டிவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

கீழே புதுக் கையெழுத்தைப் போடுங்கள் என்றார் அவர். அண்ணி சற்று யோசித்தார்.

"புதுசு வேண்டாம் தம்பி. பேர் மட்டும் மாறட்டும். கையெழுத்து இதுவே இருக்கட்டும், சம்பாதிச்ச கை இதுதானே."

அப்படியும் வைத்துக்கொள்ளலாம் என்றார் அதிகாரி. மேலே போட்டிருந்த அலங்காரக் கையெழுத்தை அண்ணியே அடித்துவிட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டார். கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதாக முத்திரை விழுந்தது.

நாலைந்து நாளில் பெயர் மாறியதாகச் செய்தி வந்தது. மாதக் கடைசிக்குள் கடனும் வந்தது. முதலாளி சாவியைக் கொடுத்தபோது அண்ணி அழுதார், முதலாளியும் அழுதார். அண்ணன் யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் இருவருக்கும் தண்ணீர் கொடுத்தான். மறுநாள் காலை வண்டியின் பதிவுச் சான்றை மாற்றும் விண்ணப்பத்தை என் கடையில் நிரப்பினோம். உரிமையாளர் பெயர் என்ற கட்டத்தில் எழுதச் சொல்லிப் பேனாவை நீட்டினேன். அண்ணி நாற்காலியைத் தள்ளிவிட்டு, நின்றுகொண்டே எழுதினார்.