சார் அனுப்பிய பாஸ்வேர்ட்

வெளிநாட்டில் சைபர் செக்யூரிட்டி படிக்க உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். பரிந்துரைக் கடிதம் கேட்டு, சின்னக்கானல் தேயிலை எஸ்டேட்டின் லயத்து வீட்டிலிருந்து என் பாலக்காட்டுக் கல்லூரி விரிவுரையாளருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். அதில் குறிப்பிடும்படி நான் சொன்ன சாதனைகளில் முதலாவது, கல்லூரித் தளத்துக்கு அவர் வைத்திருந்த பாஸ்வேர்டை யாரும் ஊகித்துவிடலாம் என்று கண்டுபிடித்து அவரிடமே சொன்னது. அன்று அவர், "உனக்கு வேற சோலியில்லையா?" என்று எரிந்து விழுந்தார்.

கடைசி நாளில்தான் பதில் வந்தது. "நேரமில்லம்மா. லெட்டர் ஏத்துற லிங்க் என் காலேஜ் மெயில்ல கெடக்குது. நீயே எழுதி ஏத்திக்க. பாஸ்வேர்ட் கீழ இருக்குது."

கல்லூரிப் பெயரும், தொடங்கிய வருடமும். அதே பாஸ்வேர்ட்.

மாணவர் அந்தக் கடிதத்தைப் பார்க்கவே கூடாது என்பது விதி. நான் உள்ளே நுழைந்து, 'மிகவும் நேர்மையானவள்' என்று எழுதி, அவர் பெயரில் அனுப்பினேன்.