நமக்கு வியாழக்கிழமையே கடைசி

உபகாரச் சம்பள அறிவிப்பு எதுவாக இருந்தாலும் நான் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்கத் தொடங்குவேன். முதல் பக்கத்தில் அறவாரியத்தின் பெருமையும், கைகுலுக்கிச் சிரிக்கும் பெரிய மனிதர்களின் படமும் இருக்கும். யாருக்குக் கிடைக்காது என்ற விவரம் கடைசியில், சின்ன எழுத்தில் இருக்கும். எனக்கு வேண்டியது அதுதான்.

பாடாங் செராய் டவுனில் எனக்கு ஒரு போட்டோஸ்டாட் கடை. நகல் எடுப்பது, லேமினேட் செய்வது, இணையத்தில் பாரம் நிரப்பித் தருவது, இவைதான் வேலை. தேர்வு முடிவுகள் வந்து பல்கலைக்கழக இடமும் கிடைத்துவிட்டால், பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகளும் பெற்றோரும் வரத் தொடங்குவார்கள். எட்டு பக்க மலாய் அறிவிப்பை மேசையில் வைத்துவிட்டு எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "எவ்ளோ குடுப்பாங்க?" எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். கொடுப்பது இருக்கட்டும், முதலில் கேட்கத் தகுதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

ஒவ்வொருவரிடமும் கத்தித் தொண்டை வறண்டதால்தான் அந்த வழக்கம் வந்தது. எந்த அறிவிப்பு வந்தாலும் அதை ஒரே பக்கத் தமிழாகச் சுருக்கிக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவிடுவேன். மேலே பெரிய எழுத்தில் கடைசி நாள். அதற்குக் கீழே யார் விண்ணப்பிக்கலாம், என்னென்ன பத்திரம் வேண்டும், எப்படித் தேர்ந்தெடுப்பார்கள். அவ்வளவுதான். அலங்காரமெல்லாம் கிடையாது.

அந்த வருடம் கோலாலம்பூரில் உள்ள ஓர் அறவாரியத்தின் அறிவிப்பு வந்தது. அதைச் சுருக்க எனக்கு ஒரு மாலை முழுதும் பிடித்தது. விண்ணப்பிப்பவர் மலேசியக் குடிமகனாக இருக்க வேண்டும். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் அந்த ஆண்டு முழுநேரப் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்திருக்க வேண்டும். குடும்ப வருமானம் அவர்கள் சொன்ன வரம்பைத் தாண்டக் கூடாது. வேறு எந்த உபகாரச் சம்பளமும் வாங்கக் கூடாது. பத்திரங்கள் என்று பார்த்தால், பிள்ளை, பெற்றோர் மூவரின் அடையாள அட்டை நகல், தேர்வு முடிவு, பல்கலைக்கழகத்தின் இடக் கடிதம், பெற்றோரின் சம்பளச் சீட்டு. எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கி இணையத்தில் ஏற்ற வேண்டும். சம்பளச் சீட்டு இல்லாமல் சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு வருமான உறுதிக் கடிதம் வேண்டும். அதில் வட்டாரத் தலைவரான பெங்ஹுலுவோ, பள்ளித் தலைமையாசிரியர் போன்ற உயர்நிலை அரசாங்க அதிகாரியோ கையெழுத்துப் போட்டுச் சாப்பு, அதாவது ரப்பர் முத்திரை, குத்த வேண்டும். ஒரு பத்திரம் குறைந்தாலும் விண்ணப்பம் பரிசீலிக்கப்படாது. முதலில் பத்திரங்களைச் சரிபார்ப்பார்கள். பிறகு தேர்வு முடிவையும் குடும்ப நிலையையும் பார்த்துச் சிலரை நேர்முகத்துக்கு அழைப்பார்கள். அசல் பத்திரங்களோடு போக வேண்டும். முடிவு மின்னஞ்சலில் வரும்.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி.

இங்கேதான் நான் ஒரு வரி சேர்த்தேன். அறிவிப்பில் அது இல்லை. எங்கள் கெடா மாநிலத்தில் வாரவிடுமுறை வெள்ளியும் சனியும். கோலாலம்பூர்க்காரனுக்கு வெள்ளி வேலை நாள், நமக்குப் பெங்ஹுலு அலுவலகம் பூட்டியிருக்கும் நாள். ஆகவே சிவப்பு மையில் எழுதினேன்: "சாப்பு வேண்டியவர்களே, நமக்கு வியாழக்கிழமையே கடைசி."

இதைவிடத் தெளிவாக எழுத எனக்குத் தெரியாது. ஆனால் கண்ணாடியில் இருந்ததைக் கோயில் தலைவர் தன் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போனார். தோட்டத்தில் கிராணியாக, கணக்கெழுதும் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் ஒரு முறை திருத்தாமல் விடமாட்டார். கோயில் வாட்சாப் குழுவில் அவர் அதைத் தட்டச்சு செய்து போட்டார். வெள்ளிக்கிழமை விடுமுறை நாள், விடுமுறையில் தவணை முடிந்தால் அடுத்த வேலை நாள்வரை ஏற்றுக்கொள்வார்கள் என்பது அவர் கணக்கு. ஆகவே கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை என்று மாற்றி, அடியில் கும்பிடும் கைகளையும் வைத்திருந்தார். நான் அந்தக் குழுவில் இல்லை. காலை வணக்கப் பூக்கள் தாங்க முடியாமல், இரண்டு வார்த்தை நறுக்கென்று சொல்லிவிட்டு முன்பே வெளியேறியிருந்தேன்.

எனக்கு இது தெரிந்தது வியாழக்கிழமை பிற்பகலில். பாடாங் மேஹா தோட்டத்துக்காரி ஒருத்தி அடையாள அட்டை நகல் எடுக்க வந்தாள். கையுறைக் கம்பெனியில் வேலை. புருஷன் குத்தகைக்குப் புல் வெட்டுகிறவர், சம்பளச் சீட்டு கிடையாது. மகளுக்குத் தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. உபகாரச் சம்பளம் கிடைக்காவிட்டால் இடத்தை விட்டுவிட்டு மகளும் கையுறைக் கம்பெனிக்கே வந்துவிடுவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. இதை அவள் என்னிடம் முன்பே, அழாமல், அரிசி விலையைச் சொல்வதுபோலச் சொல்லியிருந்தாள்.

"பெங்ஹுலு சாப்பு வாங்கிட்டியா?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம போறோம்க்கா. அன்னிக்கிதானே கடைசி? குரூப்புல போட்டிருக்காங்களே."

காட்டினாள். படித்தேன். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவளையும் ஏற்றிக்கொண்டு காரை விரட்டினேன். வியாழக்கிழமை என்றால் பெங்ஹுலு அலுவலகத்தைச் சீக்கிரமே சாத்திவிடுவார்கள். நாங்கள் போனபோது வாசலில் ஒரு பூனை மட்டும் படுத்திருந்தது.

அங்கிருந்தே கோயில் தலைவரைக் கைப்பேசியில் கூப்பிட்டேன்.

"அண்ணே, யாரைக் கேட்டு ஞாயித்துக்கெழமைன்னு போட்டீங்க?"

"வெள்ளிக்கெழம ச்சூத்தி லா, தங்கச்சி. லீவு நாள்ல எவன் பாரம் வாங்குவான்? நான் இத்தன வருசம் கிராணி வேல பாத்தவன்."

"லீவு உங்களுக்கும் எனக்கும். கோலாலம்பூர்ல இருக்கிற கம்ப்யூட்டருக்கு லீவு இல்ல. நாளைக்கு அஞ்சு மணிக்கு அது மூடிரும். இந்தப் புள்ள கம்பெனிக்குப் போனா நீங்கதான் பதில் சொல்லணும்."

 பிறகு இணைப்புத் துண்டிக்கப்பட்டது. அவராகத் துண்டித்தாரா, நான் அழுத்திவிட்டேனா, தெரியாது. அந்தத் தாய் என் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். என்னைக் கேள்வி கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. 

வீட்டுக்குப் போய் அந்த எட்டு பக்கத்தையும் மறுபடி எடுத்துவைத்துக்கொண்டேன். உயர்நிலை அரசாங்க அதிகாரி என்றுதான் இருந்தது. எந்த மாநிலத்து அதிகாரி என்று ஒரு வார்த்தை இல்லை. அப்போதுதான் உறைத்தது. பாடாங் செராயிலிருந்து கொஞ்ச தூரம் ஓட்டினால் செபராங் பிறை. அது பினாங்கு மாநிலம். அங்கே வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் உண்டு. புக்கிட் மெர்தாஜாம் பக்கத்துத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை ஒருவர் என் அக்காவோடு படித்தவர். கூப்பிட்டேன். "அப்பாவையும் கூட்டிக்கிட்டு வாங்க. அசல் எல்லாம் இருக்கணும். ஆளைப் பாக்காம நான் சைன் போடமாட்டேன்" என்றார். எனக்கு அவரை உடனே பிடித்துப்போனது. காலையில் மூவரும் கடைக்கு வரும்படி அந்தத் தாய்க்குச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை கடைக்கு முன்னால் ஒரு கார் நின்றது. உள்ளே கோயில் தலைவர். பின்னால் அந்தத் தாயும் மகளும், இஸ்திரி போட்ட சட்டையில் அப்பாவும்.

"இவங்ககிட்டப் பேசினேன். எங்க போகணும்னு சொல்லு, தங்கச்சி" என்றார்.  எனக்கு அவரைத் திட்ட இன்னும் நிறையப் பாக்கி இருந்தது. ஆனாலும் ஏறி உட்கார்ந்தேன். வழி முழுக்கத் தலைவர் காரை ஓரங்கட்டி ஓரங்கட்டிக் குழுவுக்குக் குரல் பதிவு அனுப்பிக்கொண்டே வந்தார். "நான் போட்டது தப்பு. இன்னிக்கு அஞ்சு மணிக்கே கடைசி. சாப்பு வேணும்னா எனக்குப் போன் அடிங்க." ஒவ்வொரு முறையும் "தப்பு" என்ற சொல்லுக்கு முன்னால் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

தலைமையாசிரியை அப்பாவைத் தனியாக உட்காரவைத்து விசாரித்தார். எங்கெங்கே புல் வெட்டுகிறார், மழை மாதத்தில் எத்தனை நாள் சும்மா இருப்பார், மிஷினுக்கு எண்ணெய் யார் செலவு. அந்த மனிதர் வரவைக் கொஞ்சம் கூட்டியே சொன்னார். மகள் பக்கத்தில் இருந்ததால் என்று நினைக்கிறேன். மகள் மெதுவாக, "அப்பா, நெசத்தச் சொல்லுங்கப்பா" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு நிஜத்தைச் சொன்னார். எனக்கு வேறு பக்கம் பார்க்க வேண்டியிருந்தது. தலைமையாசிரியை அதை அப்படியே எழுதி, கையெழுத்துப் போட்டு, பெயரும் பதவியும் உள்ள சாப்பை நன்றாக அழுத்திக் குத்தினார்.

கடைக்குத் திரும்பி ஷட்டரைப் பாதி தூக்கி, எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே கோப்பாக்கினேன். கோப்பு பெரிதாக இருக்கிறது என்று இணையப் பக்கம் இரண்டு முறை திருப்பி அனுப்பியது. அதையும் திட்டினேன். மூன்றாவது முறை சுருக்கி ஏற்றியபோது பதிவு எண் வந்தது. மசூதியில் ஜும்மா தொழுகை அப்போதுதான் முடிந்து ரோட்டில் கார்கள் நெரிந்துகொண்டிருந்தன. பதிவு எண்ணை அச்செடுத்து மகளிடம் கொடுத்தேன். தலைவர் அதை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

பத்திரச் சரிபார்ப்பில் விண்ணப்பம் தேறியது. நேர்முகத்துக்கு அழைத்தார்கள். மகளைக் கோலாலம்பூருக்கு இரவு பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்ததும் தலைவர்தான். பிறகு நாள் கணக்கில் மின்னஞ்சலே வரவில்லை. அவள் அம்மா கம்பெனியில் மகளுக்காக வேலைப் பாரமே வாங்கிவைத்துவிட்டாள். அதை என்னிடம்தான் நிரப்பித் தரச் சொன்னாள். இன்றைக்கு மிஷின் ரிப்பேர் என்று பொய் சொல்லி அனுப்பிவிட்டேன்.

அடுத்த வாரம் அம்மாவும் மகளும் வந்தபோது தலைவரும் கடையில்தான் இருந்தார், கோயில் நோட்டீஸ் நகல் எடுக்க. மகள் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டாள். நான் வழக்கம்போலக் கடைசிப் பக்கத்துக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் இணையத்தில் சம்மதம் தெரிவிக்காவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்று இருந்தது. சத்தமாகப் படித்தேன்.

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, இது நம்ம ஞாயித்துக்கெழமையா, அவங்க ஞாயித்துக்கெழமையா?"

நான் வாயைத் திறக்கும் முன் தலைவர் முந்திக்கொண்டார். "நமக்கு வியாழக்கெழமையே கடைசின்னு வச்சுக்கம்மா."

"நான் மெயில் வந்த ஒடனேயே சம்மதம் குடுத்துட்டேன்" என்றாள் மகள்.

மூவரையும் பார்த்தேன். திட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. அம்மா கைப்பையிலிருந்து கம்பெனிப் பாரத்தை எடுத்தாள். நான்காக மடித்திருந்தது. அதை என் மேசைமேல் வைத்து, "இத நீயே கிழிச்சுப் போட்டுரு அக்கா, என்னால முடியல" என்றாள். அன்றைக்குத்தான் அவள் அழுது பார்த்தேன். பாரத்தைக் கிழித்துவிட்டு நானும் அழுதேன்.