நல்லாத்தான் போகுது என்று சர்வேயருக்கு எழுதிய மெயில்

கேரள எல்லையோரம் இருக்கும் எங்கள் வடகரப்பதிப் பக்கம் யாரிடம் வேண்டுமானாலும் தொழில் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். "நல்லாத்தானுங்க போகுது" என்பார்கள். போர்வெல் வற்றியிருக்கும், மோட்டார் புகைந்திருக்கும், ஆனாலும் நல்லாத்தான் போகும். இல்லை என்று வாயால் சொன்னால் தரித்திரம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளுமாம். என் வீட்டுக்காரருக்கு இந்த வியாதி முற்றிய நிலையில் இருக்கிறது.

ஆனி மாதக் காற்று எங்கள் தேங்காய் எண்ணெய் மில்லின் கூரைத் தகரத்தைப் பிய்த்து எறிந்தது. பின்னாலேயே மழை. காயவைத்த தேங்காய்ப் பருப்பு முழுக்க நனைந்தது. தகரம் ஒன்று ஆட்டும் மெஷின் மேலேயே விழுந்தது. நஷ்டத்தைக் கணக்கெடுக்க இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு சர்வேயரை அனுப்பியது. பாலக்காட்டிலிருந்து வந்தார். போட்டோ எடுத்தார், ஸ்டாக் புத்தகத்தைப் புரட்டினார், இரண்டு இளநீர் குடித்தார்.

"நனைஞ்ச பருப்பை விக்க வேண்டா. அது என்ன விலைக்குப் போகும்னு நான் கணக்காக்கணும். மெஷினும் அப்படியே கிடக்கட்டே. ரிப்போர்ட் பெட்டென்னு தராம்" என்று மலையாளமும் தமிழும் கலந்து சொல்லிவிட்டுப் போனார்.

பெட்டென்னு என்றால் சீக்கிரம். அந்தச் சீக்கிரம் ஒரு மாதம் ஓடியது. குவியலில் பச்சை, மஞ்சள், கறுப்பு என்று பூசணம் பூத்தது. நாற்றம் ரோட்டு வரைக்கும் வந்தது. குவியலை எடுக்காமல் மில்லைக் கழுவ முடியாது, கழுவாமல் மெஷினைப் பிரிக்க முடியாது, ரிப்போர்ட் இல்லாமல் எதிலும் கை வைக்க முடியாது. வேலைக்கு வந்த மூன்று பெண்களும் பக்கத்து மில்லுக்குப் போய்விட்டார்கள். ஓணம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

சரி, ரிப்போர்ட் கேட்டு மெயில் போடலாம் என்று உட்கார்ந்தோம். இங்கிலீஷ் என் பொறுப்பு, விஷயம் அவர் பொறுப்பு.

"மொதல்ல நல்லா இருக்கீங்களான்னு கேளு. சாமி புண்ணியத்துல நம்ம தொழில் நல்லாத்தான் போகுதுன்னு போடு. அப்பறம், அவருக்குத் தோதுப்படறப்ப ரிப்போர்ட் அனுப்பட்டும்னு போடு."

"ஏனுங்க, மில்லு பூட்டிக் கெடக்குது. நல்லாப் போகுதுன்னா எழுதறது?"

"அசலூருக்காரங்கிட்ட எதுக்கு நம்ம கஷ்டத்தச் சொல்லோணும்? எழுது."

எழுதித் தொலைத்தேன். மறுநாளே பதில் வந்தது. எங்கள் தொழில் நன்றாக நடப்பதில் சர்வேயருக்கு மிகுந்த மகிழ்ச்சியாம். அவசரமான வேறு சில கோப்புகளை முடித்துவிட்டு எங்களுடையதைக் கவனிப்பாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சர்வேயரைச் சொல்லி என்ன பிரயோசனம்?

இன்னும் பத்து நாள் பொறுத்தேன். பிறகு நானே லேப்டாப்பைத் திறந்து, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் நகல் போகும்படி முகவரி போட்டு, இவரைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தேன். கிளெய்ம் நம்பர், சர்வேயர் வந்துபோன தேதி, அவர் எதைத் தொடவேண்டாம் என்றார் என்பது எல்லாம் எழுதினேன்.

"இப்பச் சொல்லுங்க. தாமதத்துனால நமக்கு என்னென்ன கேடு? ஒண்ணு விடாமச் சொல்லோணும்."

தலையைச் சொறிந்தார். பருப்பு அழுகுவதைச் சொன்னார். ஆள் போனதைச் சொன்னார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "ஓணத்துக்குச் சிப்ஸ் வறுக்கிற திருச்சூர்க்காரரு எண்ணெ ஆர்டரக் கேன்சல் பண்ணிட்டாரு. அதையும் போட்டுக்க" என்றார்.

எங்கள் வருஷமே அந்த ஆர்டரில்தான் ஓடுகிறது.

"எப்பங்க?"

"பதனஞ்சு நாளாச்சு."

பதினைந்து நாளாகத் தினமும் ராத்திரி சோறு போடும்போது கேட்டிருக்கிறேன். தினமும் நல்லாத்தான் போகுது என்றிருக்கிறார்.

"கட்டுன பொண்டாட்டிகிட்டச் சொல்றதுக்கும் மெயிலுதான் போடோணுமாங்க?" என்றேன். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அழுதுகொண்டே திருச்சூர் ஆர்டர் போனதையும் அடித்து அனுப்பினேன்.

அன்று மதியமே சர்வேயர் போன் செய்தார். "ஐயோ மேடம், இத்தனை கஷ்டம், புத்திமுட்டுன்னு ஆதியமே சொல்லக்கூடாதா?" என்றார். நான்காம் நாள் ரிப்போர்ட் கம்பெனிக்குப் போனது, நகல் எங்களுக்கு வந்தது. பருப்பைக் கழித்துக்கட்டலாம், மெஷினைப் பிரிக்கலாம்.

ரிப்போர்ட்டை வரி வரியாகப் படித்தேன். கூரை இருந்தது, மெஷின் இருந்தது, பருப்பு இருந்தது. திருச்சூர் ஆர்டர் இல்லை. போன் போட்டுக் கேட்டேன். மில் நின்றுபோனால் வரும் நஷ்டத்துக்குத் தனியாகக் காப்பீடு எடுக்க வேண்டுமாம், எங்கள் பாலிசியில் அது இல்லையாம்.

இவர் பக்கம் திரும்பினேன். பாலிசி எடுக்கும்போதே ஏஜென்ட் அதையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினாராம். இவர்தான் வேண்டாம் என்றாராம்.

"நம்ம மில்லு நின்னு போகும்னு நம்ம வாயாலயே எப்படிச் சொல்றது?" என்றார்.