முத்திரை உடைத்த பெட்டிகள்

சோப்புக் கம்பெனியில் நான் இன்ஸ்பெக்டராக இருந்தபோது, எங்கள் தர்மபுரி ஏஜெண்டு கடத்தூர்ச் சந்தையில் கடைக்காரர்கள் முன்னால் என்னைக் காட்டி, "பை தூக்கற ஆளுக்கு எதுக்குங்க நாற்காலி?" என்றார். ஒப்பந்தத்தை மீறி அவர் வேறு கம்பெனி சோப்பும் விற்பதை மேலிடத்துக்கு எழுதினேன். அதையே காரணம் காட்டி ஏஜென்சியை ரத்து செய்யும் நோட்டீஸ் தயாரானது. மூன்று மாத அவகாசம். முத்திரை உடையாத பெட்டிகளை மட்டும் கொள்முதல் விலைக்குத் திரும்ப எடுப்பார்கள். நோட்டீஸ் தபாலில் அவருக்குச் சேருமுன் அவர் கிடங்குக்குப் போய், சரக்கைச் சோதிக்க வேண்டுமென்று எல்லாப் பெட்டிகளையும் பிரிக்க வைத்தேன். அவரே ஆணி பிடுங்கித் தந்தார்.

பிறகு நோட்டீஸோடு வந்து, "நீங்கதானுங்களே பிரிக்கச் சொன்னீங்க?" என்றார்.

"எழுத்துல இருக்குதுங்களா?" என்றேன்.

ஒரு பெட்டியும் திரும்பப் போகவில்லை. பிரித்த சரக்கில் பணம் முடங்கி அவர் கடையை மூடினார். அன்று நான் வயிறாரச் சாப்பிட்டேன்; அதை எழுதத்தான் இன்று கை கூசுகிறது.