வாழ்த்து அட்டைக் கவிஞர்

நாச்சாரத்தில் பம்ப் செட் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கும் திருநாவுக்கரசு, வாழ்நாளில் ஒரே ஒரு கவிதை எழுதினார். நட்பைப் பற்றி. அந்தக் கவிதையால்தான் இருந்த ஒரே நண்பனும் போனான்.

மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கும் ராஜீவ் அதைப் படித்துவிட்டு, "அரசு, இது வாழ்த்து அட்டையில போடறதுக்கு நல்லாருக்குடா" என்று சிரித்துவிட்டான். அவன் பாராட்டியதாகவே நினைத்திருக்கலாம். எட்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

ஹப்சிகுடாவில் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு நடத்தும் ஆக்னஸ் டீச்சர், அந்தக் கவிதையைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டக் கூப்பிட்டபோது திருநாவுக்கரசுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பெரிய பிள்ளைகளில் ராஜீவின் மகள் பூர்ணாவும் இருக்கிறாள். கைதட்டல் நேராக மெட்டுகுடாவுக்குப் போய்ச் சேரும். அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

"நட்பெனும் நறுமலரே! நெஞ்சத்தின் ஒளிவிளக்கே!" என்று கணீரென்று தொடங்கினார். மூன்றாவது வரியில் ஆறு வயதுக் கூட்டம் ஜன்னலோரம் போய் நாயை வேடிக்கை பார்த்தது. பதினாறு வயதுக் கூட்டம் மரியாதையாக மேஜைக்கடியில் ஃபோன் பார்த்தது. பூர்ணா மட்டும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரக்கப்பட்டாளோ என்னவோ, அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

"அடுத்த வாரம் ரெண்டு வகுப்புக்கும் தனித்தனியா வாசிங்க சார்," என்றார் ஆக்னஸ். "கவிதை ஒண்ணுதான். ஆனா காது வேற."

அந்த வாரம் கம்பெனியில் நட்டு, போல்ட்டு எண்ணிக்கை எல்லாம் தப்பாகப் போனது. பெரியவர்களுக்கு இன்னும் கடினமான சொற்கள் வேண்டும் என்று முதலில் நினைத்து, 'நறுமல'ரை 'விரைமல'ராக்கினார். அவருக்கே பொருள் சந்தேகமாக இருந்தது. கிழித்துப் போட்டார்.

பிறகு சின்னவர்கள் பக்கம் வந்தார். நட்பு, நெஞ்சம், துன்பம் எதையும் ஆறு வயசு கண்ணால் பார்த்ததில்லை. முறுக்கைப் பார்த்திருக்கிறது. கதவைத் தட்டியிருக்கிறது. ஆகவே 'நட்பு' என்ற சொல்லே போயிற்று. அரை வரிக்கு இரண்டு தட்டு, அவ்வளவுதான். ஒவ்வொரு சுற்றிலும் வரும் ஒரு கேள்வியை அவர்களுக்கே விட்டுவிட்டார்.

"டக்டக் டக்டக் – யாரு அது?
நான்தான் நான்தான் – கதவைத் திற!
முறுக்கு ரெண்டு – உனக்கு ஒண்ணு!
சண்டை போட்டோம் – போதும், வா!"

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது சுற்றிலேயே பிள்ளைகள் தொடையில் தட்டிக்கொண்டு கத்தின. "யாரு அது" பாதி வாயில் தெலுங்கில் "எவரதி" ஆனது. தட்டு பிசகவில்லை, அவரும் திருத்தவில்லை. ஐந்து தடவை சொல்ல வைத்துத்தான் விட்டன.

பதினாறு வயதிடம் இதைத் தட்டிக் காட்டினால் வகுப்பே எழுந்து போய்விடும். அவர்களுக்குத் தாளத்தை எடுத்துவிட்டார். எதுகை, மோனை, அறிவுரை, ஆச்சரியக்குறி எதுவும் இல்லை. பேசுவதுபோல் வரிகள், மூச்சு முட்டுகிற இடத்தில் ஒடிந்தன. சொற்கள் கடினமாகவில்லை, சொல்லாமல் விட்டதுதான் கூடியது. கதவு மட்டும் அதே கதவு.

"உன் தெரு வரை வந்தேன்.
கதவு வரைக்கும்கூட.
தட்ட வேண்டிய கை பாக்கெட்டிலேயே இருந்தது.
உள்ளே நீ சிரிப்பது கேட்டது.
நான் இல்லாமலும்
உனக்குச் சிரிப்பு வருகிறது."

குரலை உயர்த்தாமல் வாசித்தார். கடைசி வரிக்கு முன்னால் மனதுக்குள் மூன்று எண்ணினார். மூன்றுக்குள் ஃபோன்கள் மேஜைமேல் கவிழ்ந்துவிட்டன. யாரும் கைதட்டவில்லை. பின்வரிசைப் பையன் ஒருவன், "இன்னொரு வாட்டி படிங்க அங்கிள்," என்றான்.

வகுப்பு முடிந்ததும் பூர்ணா வந்து நின்றாள்.

"நிஜமாவே எங்க வீட்டுக்கு வந்தீங்களா அங்கிள்?"

"ம். தீபாவளி அன்னிக்கு."

"அப்பாகிட்ட சொல்லவா?"

எட்டு மாதமாக அவர் காத்திருந்த கேள்வி. ஆனால் இப்போது நினைத்தால் கூச்சமாக இருந்தது. பழைய கவிதை வாழ்த்து அட்டைதான். ராஜீவ் சொன்னது சரி. அதைத் தெரிந்துகொள்ள இரண்டு வகுப்புப் பிள்ளைகள் தேவைப்பட்டார்கள்.

"நக்கோம்மா, வேண்டாம்," என்றார். "நானே வரேன்."

அன்று சாயங்காலம் மெட்டுகுடாவில் அதே கதவு முன்னால் நின்றார். கையில் முறுக்குப் பொட்டலம். பதினாறு வயதுக் கவிதையில் வருகிறவர் இங்கேயிருந்துதான் தட்டாமல் திரும்பியிருந்தார். இங்கே உதவக்கூடியது ஆறு வயதுக் கவிதைதான். நாலு தட்டு தட்டினார்.

"யாரு அது?" ராஜீவின் குரல்.

"நான்தான். கதவைத் திற."

திருநாவுக்கரசு மூன்று வரை எண்ணிவிட்டார்.

"கவிதை ஏதாவது கொண்டாந்திருக்கியா?"

"இல்லடா. முறுக்கு."

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.